கைத்தொலைபேசிக்குள் ஒரு கழிவுப் பட்டியல்

தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்த எவருக்கும் ‘கழிவு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் நமது கண் முதலில் போவது உழைத்த தொகைக்கல்ல, பிடித்த தொகைக்கே. சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள் என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். இவற்றில் பல தோட்டத்துக்குச் சேர வேண்டிய பணமல்ல. வேறொருவருக்குச் சேர வேண்டியதைத் தோட்ட அலுவலகம் நமது கூலியிலிருந்து பிடித்து அவருக்கு அனுப்புகிறது. நமக்கும் அவருக்கும் இடையில் நின்று பணம் வசூலித்துக் கொடுக்கும் வேலையை அலுவலகம் செய்கிறது.

இன்று நமது மடியிலும் சட்டைப்பையிலும் இருக்கும் கைத்தொலைபேசி இதே வேலையைச் செய்கிறது. அதற்குச் சீட்டு இல்லை, கையெழுத்தும் இல்லை. இதைப்பற்றித்தான் இந்த இதழில் நமது வாசகக் குடும்பங்களோடு பேச விரும்புகிறோம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்த பின்னர் இடம் மாறியவர்களும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த சரிவுகளால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்களுக்குக் கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருளல்ல. கிராம உத்தியோகத்தரின் அழைப்பு அதில்தான் வருகிறது. நிவாரணப் பதிவில் கொடுத்த இலக்கம் அதுவே. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் இன்று போஞ்சி என்ன விலை என்று கேட்பதும் அதில்தான். அதில் போடும் 100 ரூபாவுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இந்த முறை என்னவென்று பார்ப்போம். ஒரு விளையாட்டையோ, ஒரு செயலியையோ, தினமும் வரும் ஒரு குறுஞ்செய்திச் சேவையையோ வாங்குவதற்கு வங்கி அட்டை தேவையில்லை. அதன் விலையைத் தொலைபேசி நிறுவனமே நம்மிடமிருந்து எடுத்து, தன் பங்கை வைத்துக்கொண்டு, மீதியை விற்றவருக்குக் கொடுக்கும். மாதக் கடைசியில் பில் கட்டுபவருக்கு அது பில்லில் சேரும். ரீலோட் போட்டுப் பேசுபவருக்கு மீதிப் பணத்திலிருந்து அந்த நேரமே வெட்டப்படும்.

இது நேற்று வந்த யோசனையல்ல. ஜப்பானில் என்.டி.டி. டொகோமோ நிறுவனம் 1999ஆம் ஆண்டு ஐ-மோட் என்ற சேவையைத் தொடங்கியபோது, பிறர் விற்ற தகவல்களுக்கும் விளையாட்டுகளுக்கும் உரிய கட்டணத்தைத் தொலைபேசிப் பில்லோடு சேர்த்து வசூலித்தது. அந்த வசூல் வேலைக்கு அது எடுத்துக்கொண்டது 100க்கு 9 வீதம். நமது நாட்டிலும் டயலொக் நிறுவனத்தின் ஐடியாமார்ட், மொபிடெல்லின் எம்ஸ்பேஸ் போன்ற ஏற்பாடுகள் மூலம் சிறு செயலி ஒன்றை உருவாக்கும் இளைஞர்கூட இந்த வழியில் கட்டணம் அறவிட முடிகிறது. கூகுள் பிளே கடையில் வாங்குவதற்கும் டயலொக் கணக்கைப் பயன்படுத்தலாம்.

இம்முறையை முற்றாகத் தீமை என்று நாம் சொல்ல வரவில்லை. வங்கி அட்டை இல்லாத குடும்பத்துக்குச் சில ரூபாவுக்கு ஒரு சேவையை வாங்க இதைவிட இலகுவான வழி இல்லை. டயலொக் நிறுவனம் விவசாயத் திணைக்களத்துடன் சேர்ந்து 2015இல் தொடங்கிய ‘கொவி மித்துரு’ இதற்கு ஓர் உதாரணம். தமிழில் ‘உழவர் தோழன்’ என்று பெயர். பயிர்ச்செய்கை பற்றியும் வீட்டாரின் போஷாக்கு பற்றியும் குரல் செய்திகளைக் கைத்தொலைபேசிக்கே அனுப்புவது அதன் திட்டம். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். விவசாயிக்குப் பயன்படும் ஒன்றை அவரே விரும்பி எடுத்து, அதற்குரிய சிறு தொகையை அவரே அறிந்து செலுத்துவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அறியாமல் செலுத்துவதுதான் நமது பிரச்சினை.

அறியாமல் எப்படிச் செலுத்த முடியும் என்று கேட்கலாம். ஹல்துமுல்லைப் பக்கத்தில் இடம்பெயர்ந்து வாழும் ஒரு தாயின் அனுபவத்தை அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். பெயரையும் நிறுவனத்தையும் சொல்லப் போவதில்லை.

அவருடைய மகன் பாடசாலைப் பாடம் பார்ப்பதற்காகத் தாயின் தொலைபேசியை வாங்குவான். ஒரு நாள் திரையில் ஒரு கேள்விப் போட்டி வந்தது. விடை சொன்னால் பரிசு என்றது. மூன்று விடை சொன்ன பிறகு தொலைபேசி இலக்கத்தைக் கேட்டது, கொடுத்தான். சில விநாடிகளில் குறுஞ்செய்தியாக ஓர் இலக்கத் தொடர் வந்தது. அதைத் திரையில் அடிக்கச் சொன்னது, அடித்தான். ‘நன்றி’ என்று வந்தது. அவ்வளவுதான். இன்னொரு வாரம் கிரிக்கெட் ஓட்ட விபரம் தரும் சேவை ஒன்றிலும் அதேபோல நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்திருந்தது. ‘தினமும் இவ்வளவு ரூபாவும் வரியும்’ என்று அதில் எழுதியிருந்தது. வீட்டில் அதை யாரும் வாசிக்கவில்லை.

இங்கே அந்தப் பிள்ளை செய்தது என்ன? அந்த இலக்கத் தொடரை அடித்தபோது அவன் தாயின் சார்பில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தான். இதை நமது வாசகர்கள் நன்றாக மனதில் பதிக்க வேண்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை வேறோர் இடத்தில் அடிப்பது, ‘என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்’ என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். சில இடங்களில் இதுகூடத் தேவைப்படாது. கைத்தொலைபேசியின் டேட்டாவில் இணையம் பார்க்கும்போது, நமது இலக்கம் எது என்பது தொலைபேசி நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியும். அதனோடு ஒப்பந்தம் செய்துள்ள பக்கத்துக்கு அந்த அடையாளம் போய்ச் சேரும்படி செய்ய முடியும். அப்போது ‘தொடர்க’ என்ற ஒரு பொத்தானை அமுக்கினாலே போதும். வைஃபையில் பார்க்கும்போது இலக்கத்தைக் கேட்பதும், டேட்டாவில் பார்க்கும்போது கேட்காமல் விடுவதும் இதனால்தான்.

இனி கணக்கைப் பார்ப்போம். சேவை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 ரூபா என்றும், வரிகளோடு 6 ரூபா 50 சதம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு சேவைக்கும் நாளொன்றுக்கு 13 ரூபா. அந்தத் தாய் மாதத்தின் முதலாம் திகதி 200 ரூபா ரீலோட் போட்டார். பத்து நாளில் 130 ரூபா தானாகப் போய்விட்டது. அவர் பேசியது 60 ரூபாவுக்குத்தான். பதினோராம் நாள் காலையில் மீதி 10 ரூபா. ‘நான்தான் அதிகம் பேசிவிட்டேன்’ என்று நினைத்து, மருத்துவமனையில் இருந்த தன் அக்காவுக்கு எடுக்கும் அழைப்பைக் குறைத்துக்கொண்டார். ஒரு மாதம் முழுவதும் இப்படி ஓடினால் 390 ரூபா. பணத்தைவிட நமக்கு வலித்தது அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டதுதான்.

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். மீதியில் பணம் இல்லாத நாளில் இந்தக் கழிவு நின்றுவிடுவதில்லை. வெட்ட முடியாமல் போனால் அந்த ஏற்பாடு மறுபடி முயலும். ரீலோட் விழுந்தவுடன் முதல் கை வைப்பது அதுவாகவும் இருக்கலாம். ‘கடையில் 100 ரூபா போட்டேன், வீட்டுக்கு வருவதற்குள் குறைந்துவிட்டது’ என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் உடனே இதுதான் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. மீதி இல்லாதபோது தொலைபேசி நிறுவனத்திடம் கடனாக எடுத்த ரீலோட்டும் அடுத்த ரீலோட்டில் பிடிக்கப்படும். டேட்டா பக்கேஜ் முடிந்த பிறகு இணையம் திறந்திருந்தால் அதற்கும் மீதிப் பணம் வெட்டப்படலாம்.

எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எடுத்த கடன் எதுவும் பாக்கியில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாலையில் மீதிப் பணம் எவ்வளவு என்று பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் அந்தத் தொலைபேசியிலிருந்து அழைப்பும் குறுஞ்செய்தியும் போக வேண்டாம். வரும் அழைப்பை எடுக்கலாம். மறுநாள் அதே நேரம் மீதியைப் பாருங்கள். குறைந்திருந்தால் பேசாமலே பணம் போகிறது என்று பொருள். மூன்று நாள் இப்படிப் பார்த்து ஒரே தொகை ஒரே விதமாகக் குறைந்தால் அது தினக் கழிவுதான் என்று நம்பலாம். அந்தத் தாயும் இப்படித்தான் கண்டுபிடித்தார். மூன்று நாளும் 13 ரூபா குறைந்தது.

கண்டுபிடித்த பிறகு அவர் செய்த முதல் வேலை பயன் தரவில்லை. மகன் ஏற்றியிருந்த செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டார். கழிவு நிற்கவில்லை. செயலியை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. கடைக்குப் போவதை நிறுத்தினால் கடைக்காரரின் பற்றுக் கொப்பியில் உள்ள நமது பெயர் அழிந்துவிடாது அல்லவா? சந்தாவை அதற்குரிய இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

குறுஞ்செய்திச் சேவையானால், சேர்ந்தபோது வந்த முதல் செய்தியைத் தேடுங்கள். பெரும்பாலும் அதிலேயே நிறுத்துவதற்கு என்ன சொல்லை எந்த இலக்கத்துக்கு அனுப்புவது என்று இருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் அழிக்காமல் வைத்திருந்து தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழையுங்கள். டயலொக்குக்கு 1777, மொபிடெல்லுக்கு 1717. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவரிடம் மூன்று கேள்விகள் மட்டும் போதும்: எனது இலக்கத்தில் எந்தெந்தச் சேவைகள் ஓடுகின்றன? எந்தத் திகதியில், எந்த வழியில் சேர்ந்தேன்? அனைத்தையும் நிறுத்தி, இனிச் சேர முடியாதபடி தடுக்க முடியுமா? பதில் சொன்ன திகதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பிறகு மேலே சொன்ன சோதனையை மீண்டும் ஒரு நாள் செய்து பாருங்கள்.

கூகுள் பிளே கடையில் வாங்கியதானால் வழி வேறு. Play Store என்பதைத் திறந்து, மேலே மூலையில் உள்ள உங்கள் அடையாளப் படத்தைத் தொட்டு, Payments & subscriptions என்பதற்குள் போங்கள். அங்கே Subscriptions என்பதில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள் தெரியும், அங்கேயே நிறுத்தலாம். Payment methods என்பதில் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேவையில்லையென்றால் நீக்கிவிடுங்கள். பிள்ளைகள் தொலைபேசியைத் தொடும் வீட்டில், ஒவ்வொரு வாங்குதலுக்கும் இரகசியச் சொல் கேட்கும்படி வைப்பது மிக அவசியம். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணித்தியாலத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நாள் கடந்தால் செயலியைச் செய்தவரிடம் கேட்க வேண்டிவரும், அது கடினம்.

இனி வராமல் தடுக்க ஒரு வழியும் உண்டு. இந்தக் கழிவுகள் பொதுவாகத் தொலைபேசியின் மீதிப் பணத்தில்தான் கை வைக்கும். நாம் ஏற்கெனவே வாங்கிவிட்ட டேட்டா பக்கேஜிலோ பேச்சு நிமிடங்களிலோ கை வைக்க முடியாது. ஆகவே கடையில் ‘200 ரூபா போடுங்கள்’ என்று சொல்வதைவிட, ‘இன்ன பக்கேஜ் போடுங்கள்’ என்று கேட்டு வாங்குவது பாதுகாப்பு. வெறும் மீதியாகக் கொஞ்சமே வைத்திருங்கள்.

ஒரு வழியை மட்டும் நாம் பரிந்துரைக்கமாட்டோம். சிலர் தொல்லை தாங்காமல் சிம்மை வீசிவிட்டுப் புதிது எடுக்கிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அது பெரிய நட்டம். பிரதேச செயலகத்தில் உள்ள நட்டஈட்டுக் கோப்பிலும், வங்கிப் புத்தகத்திலும், பாடசாலைப் பதிவிலும் இருப்பது பழைய இலக்கம். அதோடு, அனர்த்த காலத்தில் யாரோ கொடுத்த சிம்மைப் பாவிப்பவர்கள் பலர். அது வேறொருவரின் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தால், முறைப்பாடு செய்யும்போது ‘உரிமையாளரைப் பேசச் சொல்லுங்கள்’ என்பார்கள். அடையாள அட்டை மறுபடி கிடைத்தவுடன் இலக்கத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது குடும்பம் செய்ய வேண்டியது. ஆனால் ‘ஏழைகள் கவனமாக இருக்க வேண்டும்’ என்று சொல்லி இந்த விடயத்தை முடிப்பது நியாயமல்ல என்பதே நமது கருத்து. அமெரிக்காவில் கல்வியும் சட்டத்தரணிகளும் உள்ள மக்களே இதில் ஏமாந்தார்கள். மாதம் 9 டொலர் 99 சதம் வீதம், கேட்காத குறுஞ்செய்திச் சேவைகளுக்குப் பில்லில் சேர்க்கப்பட்டது. அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2014இல் டி-மொபைல் மீது வழக்குத் தொடர்ந்தபோது, அறவிட்டதில் 100க்கு 35 முதல் 40 வீதம் அந்நிறுவனத்துக்கே போனதாகக் குற்றஞ்சாட்டியது. அதே ஆண்டு டி-மொபைல் குறைந்தது 9 கோடி டொலரும், ஏ.டி. அன்ட் டி. 10 கோடி 50 இலட்சம் டொலரும் கொடுக்க இணங்கின. இதில் நமக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. வசூலிப்பவருக்கும் பங்கு உண்டு. வசூலிப்பவர் வாடிக்கையாளரின் காவல்காரராகத் தானாக இருக்கமாட்டார். அப்படி இருக்கும்படி சட்டம்தான் செய்ய வேண்டும்.

அவர்களிடம் பில்லாவது இருந்தது. வாசித்துப் பார்த்தவர் பிடித்துவிடலாம். ரீலோட் போட்டுப் பேசும் நமக்குப் பில் என்பதே வீட்டுக்கு வருவதில்லை. பணத்தை முன்னதாகக் கொடுத்துவிடுகிறோம். எதற்கு எடுத்தார்கள் என்பதை நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

பக்கத்து நாடான இந்தியா இதற்கு ஒரு வழி காட்டியது. அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2013 ஜூலையில் ஓர் உத்தரவு இட்டது. ஒரு சேவைக்கு வாடிக்கையாளர் ஒரு தடவை ‘சரி’ சொன்னால் போதாது. தொலைபேசி நிறுவனம் தன் பக்கத்திலிருந்து இரண்டாவது தடவை கேட்டு உறுதிப்படுத்திய பிறகே பணம் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக, நிறுத்துவதற்கு 155223 என்ற இலவச இலக்கமும் அங்கே ஏற்படுத்தப்பட்டது. நீலகிரிக்குப் போய்க் குடியேறிய நமது உறவினர்களுக்கு அந்த இலக்கம் பயன்படும்.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது மூன்றே விடயம். முதலாவது, ரீலோட் இலக்கங்களில் இந்தக் கழிவு வழி அடைத்தே இருக்க வேண்டும். வேண்டியவர் தாமே கேட்டுத் திறந்துகொள்ளட்டும். இரண்டாவது, பணம் எடுக்குமுன் கேட்கப்படும் ஒப்புதல் அந்த வாடிக்கையாளரின் மொழியில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குக் குரலில் கேட்கப்பட வேண்டும். மூன்றாவது, மாதம் ஒரு தடவை, ‘உங்கள் பணத்தில் பிறருக்குப் போனது இவ்வளவு’ என்று ஒரே வரியில் செய்தி வர வேண்டும்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கைகள் என்று சொல்பவர்களுக்கு நமது பதில் ஒன்றுதான். தோட்டத்தில் தொழிற்சங்கச் சந்தாவைப் பிடிப்பதற்குக்கூடத் தொழிலாளி படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்த கையெழுத்தை அவர் திரும்பப் பெறலாம். பிடித்த தொகை சீட்டில் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத நமது பாட்டனும் பாட்டியும் பெருவிரல் பதித்துப் பெற்ற அந்தப் பாதுகாப்பு, பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

அந்தத் தாயின் இலக்கத்தில் ஓடிய இரண்டு சேவைகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. போன பணம் திரும்பி வரவில்லை. இப்போது அவருடைய வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு தாள் தொங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் மகன் மீதிப் பணத்தைப் பார்த்து அதில் எழுதுகிறான். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு உங்கள் தொலைபேசியையும் அப்படி ஒரு தாளையும் கொண்டு வாருங்கள். கழிவு ஓடும் இலக்கங்களைச் சேர்த்து எண்ணி, ஒரே முறைப்பாடாக ஆணைக்குழுவுக்கு அனுப்புவோம்.